ரேட்டிங் மூன்று என்றால் ஆள் ஆகாதா?

சென்ற வாரம் எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் காலியான ஓர் இடத்துக்கு, உள்ளே இருப்பவர்களிலிருந்தே ஆள் எடுக்க உட்கார்ந்தோம். ஒன்பது பேர் விண்ணப்பித்திருந்தார்கள். எச்.ஆர். அனுப்பிய எக்செல் தாளில் நான்கு பேர்தான் இருந்தார்கள். மீதி ஐந்து பேர் எங்கே என்று கேட்டேன். "போன வருஷ ரேட்டிங் நாலுக்குக் கீழே இருக்கிறவங்களை ஃபில்டர் பண்ணிட்டோம் சார்" என்று பதில் வந்தது. அந்த ஐந்து ரெஸ்யூமேயையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நெடுவரிசையை வடிகட்டி ஐந்து பேரின் அடுத்த பத்து வருட வாழ்க்கையை ஓரங்கட்டியாகிவிட்டது.

"உள் ஆளைப் பற்றி நமக்குத்தான் தெரியுமே, ரேட்டிங்கைப் பார்த்தால் போதாதா?" என்ற நம்பிக்கை நம் கம்பெனிகளில் சட்டம்போல் ஆகிவிட்டது. என்ன தெரியும் உங்களுக்கு? ஒரு மேலாளர் ஒரு வருடக் கடைசியில், தன் பிரிவின் தேவைக்கு, தன் பட்ஜெட்டுக்குள் போட்ட ஓர் எண் தெரியும். அவ்வளவுதான். அந்த ஆள் என்ன செய்தார் என்பது அந்த எண்ணில் இல்லை.

விலக்கப்பட்ட ஐவரில் ஒருவர் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெண். ரேட்டிங் மூன்று. ரெஸ்யூமேயில் அவர் எழுதியிருந்த ஒரு வரி என் கண்ணில் பட்டது: "சைக்கிள் கவுன்ட்டை ஒழுங்குபடுத்தி, பொருள் இல்லாமல் லைன் நிற்பதைக் குறைத்தேன்." ரெஸ்யூமேயில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். வெளியிலிருந்து வருபவர் இப்படி எழுதினால் நாம் நம்பவேண்டும், இல்லையென்றால் ஒதுக்கவேண்டும். இவர் எழுதியதை நாம் நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எடுத்துப் பார்க்கலாம். எல்லாப் பதிவும் நம் சிஸ்டத்தில்தானே இருக்கிறது?

எடுத்துப் பார்த்தேன். SAP-இல் MB51 போட்டு, அவருடைய ஸ்டோரேஜ் லொகேஷனுக்கு ஒரு வருடத்து 701, 702 பதிவுகளை இறக்கினேன். எண்ணிப் பார்க்கும்போது கணக்கைவிடச் சரக்கு கூடுதலாக இருந்தால் 701, குறைவாக இருந்தால் 702. முதல் சில மாதங்களில் 702 வரிசை வரிசையாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவை எல்லாப் பொருளிலும் இல்லை. மறுபடி மறுபடி அதே நாலைந்து ரப்பர் சீல்கள், ஓ-ரிங்குகள். எப்போதும் குறைவு, ஒருமுறைகூடக் கூடுதல் இல்லை. எண்ணுவதில் கை தவறினால் கூடவும் வரும், குறையவும் வரும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அதற்குக் காரணம் எண்ணும் இடத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

அந்தப் பெண் அதைத் தேடிப் போயிருக்கிறார். எங்களிடம் அசெம்பிளி முடிந்ததாகப் பதிவு செய்தவுடன், பிஓஎம்மில் உள்ள கணக்குப்படி உதிரிப்பொருள்கள் சரக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். பேக்ஃப்ளஷ் என்பது இதுதான். பிஓஎம்மில் ஒரு யூனிட்டுக்கு இரண்டு சீல் என்றால் சிஸ்டம் இரண்டைத்தான் கழிக்கும். மாட்டும்போது ஒரு சீல் கிழிந்து, ஆபரேட்டர் இன்னொன்றை எடுத்து மாட்டினால், ஸ்கிராப் சீட்டு போடாதவரை சிஸ்டத்துக்குத் தெரியாது. ரேக்கில் சீல் இல்லை, கணினியில் இருக்கிறது. கணினியில் இருப்பதால் எம்ஆர்பி புதிதாக வாங்கச் சொல்லாது. ஒரு நாள் காலையில் லைன் நிற்கும். இவர் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் லைனுக்குப் போய்க் குப்பைத் தொட்டியில் கிழிந்த சீல்களை எண்ணி, என்ஜினியரிங் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார். பிஓஎம்மில் அந்தப் பொருள்களுக்குச் சேத விகிதம் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பொருள்களில் 702 அநேகமாக நின்றே போயிற்று.

திட்டமிடல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நான் சொல்கிறேன், எங்கள் வேலையில் பாதி இதுதான். கணினி சொல்லும் சரக்கு எங்கே பொய்யாகிறது, அந்தப் பொய் எப்படி பர்ச்சேஸ் ஆர்டர்வரை ஓடுகிறது என்று பிடிப்பதுதான். அந்தப் பெண் எங்கள் பிரிவுக்கு வருவதற்கு முன்பே எங்கள் வேலையைச் செய்திருக்கிறார்.

இவருக்கு ஏன் மூன்று? ஸ்டோர்ஸின் மதிப்பீட்டில் 'சரக்குத் துல்லியம்' என்று ஓர் இலக்கு உண்டு. வருடத்தில் எவ்வளவு ரூபாய்க்கு வித்தியாசம் பதிவானது என்பதே அதன் அளவுகோல். நேர்மையாக எண்ணியவர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைப் பதிவு செய்தார். பதிவு செய்ததால் மார்க் போயிற்று. திருட்டைப் பிடித்துக் கொடுத்த காவல்காரனின் சம்பளத்தில் திருடுபோன பொருளின் விலையைப் பிடிப்பதும் இதுவும் ஒன்றுதான்.

பக்கத்து ஸ்டோர்ஸ்காரருக்கு ஐந்து. எச்.ஆர். அனுப்பிய நால்வரில் முதல் பெயர் அவருடையது. அவர் லொகேஷனுக்கும் அதே MB51 போட்டேன். மாதக்கணக்கில் 701-உம் இல்லை, 702-உம் இல்லை. நகரும் சரக்குள்ள எந்த ஸ்டோர்ஸிலும் இது நடக்காது. எண்ணும் தாளில் சிஸ்டத்து அளவையும் அச்சடித்தே கொடுக்கிறோம். அதைப் பார்த்து அதே எண்ணை எழுதினால் வித்தியாசம் எப்படி வரும்? அவரிடம் விழுந்திருக்கும் ஒன்றிரண்டு பெரிய 702-களின் தேதியை உற்பத்திப் பிரிவின் லைன் நிறுத்தப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால், லைன் நின்ற அதே நாள். பொருள் இல்லை என்று ஊருக்கே தெரிந்த பிறகு கணக்கைத் திருத்தியிருக்கிறார். இவருக்கு ஐந்து, அவருக்கு மூன்று. இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டுமில்லை. 2000-இல் ஸ்கல்லன், மவுன்ட், கோஃப் என்ற ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களின் மதிப்பீடுகளை அலசினார்கள். மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பிடப்பட்டவரைவிட மதிப்பிட்டவரின் தனிப்போக்கைத்தான் காட்டியது. பென்சன், லீ, ஷூ மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நிறுவனங்கள் நன்றாக விற்றவர்களையே மேலாளர்களாக்கின என்றும், அப்படி அதிகம் விற்றவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை சராசரியாகக் குறைந்தது என்றும் காட்டினார்கள். விற்பது ஒரு வேலை, விற்பவரை நடத்துவது வேறு வேலை. நன்றாக எண்ணுவதும் திட்டமிடுவதும்கூட வேறு வேறுதான். அதனால்தான் ஸ்டோர்ஸ் பதிவிலிருந்து திட்டமிடலைத் தொடும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கவேண்டும் என்கிறேன். அந்தப் பெண்ணின் மொத்தக் கணக்கு எனக்குத் தேவையில்லை, அந்த சீல் விவகாரம் தேவை.

பிரித்தெடுப்பதிலும் ஏமாறலாம். லைன் நிற்பது குறைந்தது என்று அவர் எழுதியதை நான் அவருடைய பிரிவின் பதிவில் பார்க்கவில்லை, உற்பத்திப் பிரிவின் பதிவேட்டில் பார்த்தேன். தன் புகழைத் தானே எழுதிய தாளைச் சாட்சியாக எடுக்கக்கூடாது. அந்த மாதங்களில் ஆர்டரே குறைந்திருந்தால் லைன் நிற்பதும் தானாகக் குறைந்திருக்கும். ஆகவே மாதத்துக்கு எத்தனை தடவை என்று பார்க்காமல், எத்தனை யூனிட் ஓடியதற்கு எத்தனை தடவை என்று பார்த்தேன். அப்படிப் பார்த்தபோது குறைவு கொஞ்சம் சுருங்கியது, ஆனால் இருந்தது. மின்னஞ்சலை அனுப்பியவர் அவர்தானா, இல்லை அவர் பெயரில் சூப்பர்வைசர் சொல்லி எழுதியதா என்றும் பார்த்தேன். தேதி, தொட்டியின் படம், எண்ணிக்கை எல்லாம் அவர் கையால் வந்தவை. எல்லாம் சேர்த்து ஒரு மதியப் பொழுது வேலை. ஓர் ஆளை வேண்டாம் என்பதற்கு முன் ஒரு மதியம் செலவழிக்க முடியாதா?

பதிவுகள் சொல்லாதவையும் உண்டு. வாடிக்கையாளர் திடீரென்று அட்டவணையை மாற்றும்போது, "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் இவ்வளவு தருகிறேன்" என்று விற்பனைப் பிரிவிடம் அவரால் சொல்ல முடியுமா என்பது எந்த 702-இலும் இல்லை. அதற்குப் போன மாதத்து அட்டவணை ஒன்றைக் கொடுத்து, "இந்த சப்ளையர் மூன்று நாள் தாமதம், மாற்றிப் போடுங்கள்" என்று அரைமணி நேரம் உட்காரவைத்தால் தெரிந்துவிடும். நால்வருக்கும் அதையே கொடுங்கள், ஒன்பது பேருக்குமே கொடுங்கள். ரேட்டிங் ஐந்துக்கும் அதே தாள்தான்.

வெளியிலிருந்து வருபவரை நாம் எப்படி நடத்துகிறோம்? அவருடைய பழைய கம்பெனி ரேட்டிங்கை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் சரிபார்க்க வழியில்லை. அழகான ரெஸ்யூமே, நல்ல ஆங்கிலம், வேலை முடிந்தது. மேத்யூ பிட்வெல் ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியின் பதிவுகளை வைத்து 2011-இல் எழுதிய ஆய்வின்படி, வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளிருந்து அதே வேலைக்கு உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் சம்பளம் அதிகம் கிடைத்தது, முதல் இரண்டு வருடம் அவர்களின் மதிப்பீடு குறைவாகவே இருந்தது. நம் பெண்ணுக்கோ ஒரு வருடத்துப் பதிவே சாட்சியாக இருக்கிறது. அதைத் தொடாமல் ஒற்றை எண்ணை வைத்துத் தள்ளுகிறோம். அந்த எண்ணும் பெல் கர்வில் திணித்துப் போட்டது. ஏழு பேர் உள்ள பிரிவில் யாராவது ஒருவருக்கு மூன்று கொடுத்தே ஆகவேண்டும் என்று மேலிடம் சொல்லும்போது, அது பிரிவை விட்டுப் போக நினைப்பவர் தலையில்தான் விழும். நல்ல ஆளை வெளியே விட மனமில்லாத மேலாளருக்கும் இது வசதி. மூன்று போட்டுவிட்டால் அடுத்த பிரிவின் ஃபில்டரே அவரைத் தடுத்துவிடும், மேலாளர் வாய் திறக்கவே வேண்டாம்.

எச்.ஆருக்கு நான் எழுத்தில் கேட்டிருப்பது இரண்டு. உள் வேலைவாய்ப்புக்கான தாளிலிருந்து ரேட்டிங் நெடுவரிசையையே எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில், கேட்கும் பிரிவு தன் வேலையில் முக்கியமான நாலு காரியங்களையும், ஒவ்வொன்றும் எந்தப் பதிவில் தெரியும் என்பதையும் எழுதட்டும். எங்கள் பிரிவின் நாலையும் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒருவருடைய மின்னஞ்சலையும் பதிவையும் அவருக்குத் தெரியாமல் துருவக்கூடாது. ஆகவே விண்ணப்பத்திலேயே, எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று அவரே குறிப்பிட்டு ஒப்புதல் தரட்டும். நானும் அந்தப் பெண்ணிடம் கேட்ட பிறகுதான் அவருடைய மின்னஞ்சல்களை வாங்கினேன். கேட்ட அன்றைக்கே ஃபோல்டரோடு கொண்டுவந்து கொடுத்தார்.

இனி அவர் தேர்வானாலும், ஸ்டோர்ஸ் மேலாளர் தொண்ணூறு நாள் விடமாட்டேன் என்பார். ரேட்டிங் மூன்று போட்ட ஆளை விட ஏன் தொண்ணூறு நாள் வேண்டும் என்று அப்போது அவரிடமும் கேட்பேன்.