கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா? கறுப்பை விட்டுவிட்டு எலும்பைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, மாட்டுக்குக் கழுநீர் காட்டக் குனிந்தபோது, பசு சட்டென்று தலையைத் தூக்கியதில் கொம்பின் அடிப்பக்கம் என் மனைவியின் கன்னத்தில் பலமாக இடித்துவிட்டது. தோல் கிழியவில்லை. மறுநாள் காலையில் கண்ணே திறக்க முடியாத அளவுக்கு வீங்கிக் கறுத்துவிட்டது. ஐஸ் வைக்கலாமா? பக்கத்து வீட்டில் சூடாக உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள். இது தானாகச் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: உங்களுக்குத் தொலைபேசியில் உடனே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் மாடு வைத்திருக்கும் எல்லா வீட்டிலும், மண்வெட்டிக் காம்பு எகிறி அடிக்கும் எல்லா வயலிலும் இது நடக்கக்கூடியது என்பதால் விரிவாக எழுதுகிறேன். நான் படித்தது வேளாண்மை. மருத்துவம் சார்ந்த இந்தச் செய்திகளை எங்கள் வட்டார அரசு மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

முதலில், அடி கன்னத்தில் பட்டிருக்கக் கண் ஏன் கறுக்கிறது? கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல். அதன் அடியில் உள்ள சதையும் தளர்வானது. பக்கத்தில் எங்கே ரத்தம் கசிந்தாலும் அது அங்கே போய்த் தேங்கிவிடும். படுத்து எழுந்தால் நீரும் சேர்ந்து காலையில் இன்னும் அதிகமாக வீங்கும். ஆகவே இரண்டாம் நாள் முகம் மோசமாகத் தெரிவது வழக்கம்தான். கறுநீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பு எவ்வளவு பெரியது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு அடி என்று கணக்கிட முடியாது.

இனி ஒத்தடம். முதல் இரண்டு நாளும் குளிர்ச்சிதான் வேண்டும், சூடு கூடாது. சூடு ரத்தக் குழாய்களை விரிக்கும்; கசிவும் வீக்கமும் கூடும். ஐஸ் கட்டிகளை உடைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மெல்லிய துண்டில் சுற்றி, கன்னத்திலும் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேலும் மெதுவாக வையுங்கள். கண் முழியின் மேல் அழுத்தவே கூடாது. ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். பிறகு எடுத்துவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை திரும்ப வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து மாற்றி மாற்றி வைக்கலாம். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், கண்ணுக்குள் விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுவதும் வேண்டாம்.

இதுவரை சொன்னது தோலுக்கும் சதைக்கும். கவனிக்க வேண்டியது அதற்கு உள்ளே. கண் ஒரு எலும்புக் குழிக்குள் இருக்கிறது. அந்தக் குழியின் தரை மிக மெல்லிய எலும்பு. கன்ன எலும்பில் விழும் அடியில் கன்ன எலும்பு உள்ளே அமுங்கலாம். அதோடு சேர்ந்து தரையும் உடையலாம். வீக்கம் இருக்கும்வரை இதெல்லாம் வெளியே தெரியாது. ஆகவே இரண்டு முறை பார்க்க வேண்டும்.

முதல் முறை, அடிபட்ட உடனே, இமை மூடிக்கொள்வதற்கு முன். நல்ல கண்ணைக் கையால் மறைத்து, அடிபட்ட கண்ணால் சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரிந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கறுவிழியின் அடியில் ரத்தம் தேங்கி நின்றாலோ, கண்மணி வட்டமாக இல்லாமல் கோணலாக இருந்தாலோ, காத்திருக்கக் கூடாது. அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளை விழியில் சிறு சிவப்புத் திட்டு மட்டும் இருந்து, பார்வை தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

இரண்டாம் முறை, மூன்றாம் நான்காம் நாள், வீக்கம் வடியத் தொடங்கும்போது. இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முகம் தேறிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அன்று நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, தலையை அசைக்காமல் ஒரு பென்சிலை மேலும் கீழும் பார்க்கச் சொல்லுங்கள். பென்சில் இரண்டாகத் தெரிந்தால் கண்ணை அசைக்கும் தசை உடைந்த எலும்பில் சிக்கியிருக்கலாம். இரண்டு, துணி நுனியால் இரண்டு கன்னத்தையும் மேலுதட்டையும் தொட்டுப் பாருங்கள். அடிபட்ட பக்கம் மரத்திருந்தால், கண்குழியின் தரை வழியாக வரும் நரம்பு அடிபட்டிருக்கிறது. மேல்பற்களும் மரத்துப்போகலாம். மூன்று, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். தன் மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாவிட்டால், அமுங்கிய எலும்பு தாடையைத் தடுக்கிறது. நான்கு, அவரை உட்கார வைத்துப் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து கீழே பாருங்கள். ஒரு கன்னம் தட்டையாகவோ ஒரு கண் குழிந்தோ தெரிந்தால் அதுவும் அறிகுறிதான்.

கேள்வி அனுப்பிய வாசகரின் மனைவிக்கு நடந்தது இதுதான். முதல் நாள் பார்வை நன்றாக இருந்தது. நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. ஆனால் மேலுதடும் பல்லும் மரத்திருந்தன. கொடியில் துணி எடுக்க அண்ணாந்து பார்த்தால் கொடி இரண்டாகத் தெரிந்தது. தொலைபேசியில் இதைக் கேட்டதும் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்ததில் கன்ன எலும்பு உடைந்து உள்ளே தள்ளப்பட்டது தெரிந்தது. எட்டாம் நாள் அதைத் தூக்கி வைத்துச் சிறு தகடு பொருத்தினார்கள். இரட்டைப் பார்வை போய்விட்டது. மரமரப்பு குறைய மாதக்கணக்காகும் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லா முறிவுக்கும் அறுவை தேவைப்படாது. தேவைப்பட்டால் இரண்டு வாரத்துக்குள் செய்வதே எளிது. அதற்குமேல் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கிவிடும்.

எலும்பு முறிவு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. மூக்குப் பக்க அறையிலிருந்து காற்று உடைப்பு வழியாகத் தோலுக்கு அடியில் ஏறி இமை திடீரென உப்பும். தொட்டால் நறநறவென்று இருக்கும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குக் கறுப்பே இல்லாமல்கூடத் தசை சிக்கிக்கொள்ளும். அடிபட்ட குழந்தை மேலே பார்க்க முடியாமல் வலியில் அழுது வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அடி ஒரு பக்கம் பட்டிருக்க, இரண்டு கண்ணும் கறுத்து மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் ஒழுகினாலும், மயக்கம், ஓயாத வாந்தி, தாங்க முடியாத தலைவலி இருந்தாலும் அது மண்டை எலும்பு சம்பந்தப்பட்டது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிறு அடிக்கும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.