வீடு முழுவதும் பெண்களுக்கா?

அரசாங்கத் துறை ஒன்றின் வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டினால் சம்பளம், கட்டடம், பயிற்சி, உதவித்தொகை என்று வரி வரியாக இருக்கும். இதில் எந்த வரியின் பணம் பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிறது? அதைக் காட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் அடையாளக் குறி போடும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. குறி போடுவது சுலபம். எத்தனை விழுக்காடு என்று எழுதுவதில்தான் சிக்கல்.

இந்தியா இதை 2005-06 முதல் செய்து வருகிறது. மத்திய வரவு செலவுத் திட்டத்தோடு பெண்களுக்கான செலவுகளின் தனிப் பட்டியல் ஒன்றும் வெளிவரும். முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் முதல் பகுதியில். செலவில் 30 முதல் 99 விழுக்காடு வரை பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இரண்டாம் பகுதியில். 30 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கு 2024-25இல் மூன்றாம் பகுதி சேர்க்கப்பட்டது. 2025-26 பட்டியலின் மொத்தத் தொகை ஏறக்குறைய 4.49 லட்சம் கோடி ரூபாய். மொத்த வரவு செலவுத் திட்டத்தில் அது சுமார் 8.9 விழுக்காடு.

பெரிய தொகைதான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் பல ஆண்டுகளாக முதல் பகுதியில் 100 விழுக்காடு என்று காட்டப்பட்டது. சமவெளிப் பகுதியில் வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு 1.20 லட்சம் ரூபாய் கொடுக்கும் திட்டம் அது. வீடு மனைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ பதிவாக வேண்டும் என்பது விதி என்பதால் இந்தக் குறி. பெண்ணின் பெயரில் சொத்து வருவது பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூரையின் கீழ் கணவர், மகன், மாமனார் எல்லாரும் வாழ்கிறார்கள். கூட்டுப் பெயரில் பதிவானால் பாதி உரிமைதான் அவளுக்கு. முழுச் செலவையும் பெண்கள் கணக்கில் எழுதும்போது, புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்காமலே பட்டியல் பெருத்துவிடுகிறது.

தலை எண்ணிப் பங்கு போட்டால் சரியாகிவிடுமா? ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்துக்கு 10 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த 1,000 பேரில் 400 பேர் பெண்கள். எனவே 40 விழுக்காடு, அதாவது 4 மில்லியன் பெண்களுக்கு என்று துறை எழுதுகிறது. தங்கும் விடுதி இல்லாததால் 250 பெண்களே பயிற்சியை முடிக்கிறார்கள். ஆண்கள் 600 பேரும் முடிக்கிறார்கள். முடித்த 850 பேரில் பெண்களின் பங்கு 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இந்தியப் பட்டியலின் அளவுகோலில் இது மூன்றாம் பகுதிக்குப் போக வேண்டிய திட்டம். ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட குறியோ அப்படியே இருக்கும்.

நம் பக்கத்து நாடான பிலிப்பீன்ஸ் வேறு வழியில் போகிறது. அங்கே ஒவ்வொரு துறையும் தன் ஒதுக்கீட்டில் குறைந்தது 5 விழுக்காட்டைப் பாலினச் சமத்துவத்துக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பெரிய திட்டங்களுக்கு 20 புள்ளிகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. திட்டமிடும்போது பெண்களைக் கேட்டார்களா, ஆண் பெண் புள்ளிவிவரம் தனித்தனியாக உள்ளதா, பெண்கள் பயன்பெறத் தடையாக இருப்பவற்றை ஆராய்ந்தார்களா என்பன போன்ற கேள்விகளுக்குப் புள்ளி. நான்குக்குக் கீழே வாங்கினால் ஒரு காசும் கணக்கில் சேராது. 8 முதல் 14.9 வரை வாங்கினால் பாதித் தொகை சேரும். முழுத் தொகையும் சேர 20க்கு 20 வேண்டும். மேற்சொன்ன பயிற்சித் திட்டம் 9 புள்ளி வாங்கினால் 5 மில்லியன் சேரும். ஆண்டு முடிவில், திட்டம் நடந்த விதத்துக்கு இன்னொரு முறை புள்ளி போட்டு, செலவான தொகையில் எவ்வளவு சேரும் என்று கணக்கிடுகிறார்கள். விடுதி இல்லாத குறை அப்போது தலைகாட்ட வாய்ப்புண்டு.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. புள்ளியை முதலில் போடுவது அந்தத் துறையேதான். 5 விழுக்காட்டை நிரப்ப வேண்டுமே என்பதற்காக ஊழியர்களின் நடன வகுப்பைக்கூடக் கணக்கில் காட்டியதாக அங்கே விமர்சனம் எழுந்ததுண்டு.

ஆகவே, பெண்களுக்கு இத்தனை கோடி, இத்தனை மில்லியன் என்று ஒரு துறை அறிவிக்கும்போது மூன்றைப் பாருங்கள். விழுக்காட்டுக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா? சென்ற ஆண்டு பட்டியலில் இல்லாத பழைய திட்டம் ஏதாவது இந்த ஆண்டு புதிதாக நுழைந்திருக்கிறதா? ஒதுக்கியதோடு நிற்காமல், செலவானதையும் பயன்பெற்ற பெண்களின் எண்ணிக்கையையும் சொல்கிறார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், கூடியிருப்பது குறிகள்தான், பணம் அல்ல.