கெண்டைக்காலைப் பாருங்கள், தோழர்களே!

எலும்பு முறிவு வார்டுகளில் உழைக்கும் செவிலியர் தோழர்களே! இன்று இரவுப் பணிக்குக் கிளம்பும்போது பையில் ஓர் அளவு நாடாவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்பு மூட்டு முறிந்து அறுவை முடிந்த எழுபது வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் இடது கெண்டைக்கால் கனக்கிறது என்கிறார். மகள் பாசத்தோடு தைலம் தேய்த்து உருவிவிடுகிறார். மறுநாள் காலை கழிப்பறைக்கு எழுந்தவர், "நெஞ்சை அடைக்குது" என்று சொல்லிச் சரிகிறார். காலின் ஆழ்சிரையில் இருந்த ரத்தக்கட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியே நுரையீரல் தமனியை அடைத்துவிட்டது.

முந்தைய நாளே நாம் தடுத்திருக்கலாம்! கால் கனக்கிறது என்றால் முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு கால்களின் சுற்றளவையும் எடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த நேரமே மருத்துவரை அழையுங்கள், டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். அதுவரை யாரும் அந்தக் காலைத் தேய்க்கக் கூடாது. உறவினரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் தேய்க்கிறார்கள்.

கால் வீங்காமலும் கட்டி நுரையீரலுக்குப் போகும். திடீரென மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, நாடி 100-ஐத் தாண்டுவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது, சளியில் ரத்தம், மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் "வாயு", "பயம்" என்று ஒதுக்காதீர்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். உயிர்க்குறிகளைப் பாருங்கள், ஆக்சிஜன் குறைந்திருந்தால் கொடுங்கள், பணி மருத்துவரை உடனே வரவழையுங்கள்.

கெண்டைத் தசை சுருங்கும்போதுதான் காலின் ரத்தம் மேலேறுகிறது. படுத்தே கிடந்தால் அது தேங்குகிறது. முறிவும் அறுவையும் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. புற்றுநோயாளிக்கும் முன்பே ரத்தக்கட்டி வந்தவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம். பெட்பேன் கேட்கக் கூசித் தண்ணீரே குடிக்காமல் கிடக்கும் அம்மாக்களை நாம் தினமும் பார்க்கிறோம். கேட்காமலே பெட்பேன் வையுங்கள், தண்ணீர் கொடுங்கள்! விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வையுங்கள். மருத்துவர் அனுமதித்தவுடன் எழுப்பி உட்கார வைத்து, நடக்க வையுங்கள்.

எனாக்சாபரின் ஊசி எழுதப்பட்டிருந்தால் ஒரு வேளையும் தவறக் கூடாது. வழக்கமான தடுப்பு அளவு நாளுக்கு ஒருமுறை 40 மி.கி.; சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவர் குறைப்பார். வயிற்றுத் தோலடியில் போடுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ரத்தக்கசிவு இருப்பவருக்கு ஊசி ஆகாது. அவருக்குக் காலை அழுத்தும் காற்றுறை வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் காலில் ஏற்கெனவே கட்டி இருக்குமென்ற சந்தேகம் வந்தால் அதை மாட்டாதீர்கள்.

தோழர்களே, பணி ஒப்படைக்கும்போது மூன்றைச் சொல்லாமல் வார்டை விட்டு நகராதீர்கள்: கால் சுற்றளவு, நாடி, போடப்படாமல் விட்ட ஊசி. மருந்து இருப்பு இல்லையென்றால் அதையும் பதிவேட்டில் எழுதி, மருத்துவரின் கையெழுத்து வாங்குங்கள்!