அடகுக்கு வராத காகிதம்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை வேலைக்குச் சேரும் நாளிலேயே வாங்கி நிறுவனத்தின் பீரோவில் பூட்டி வைப்பது விருதுநகர் மாவட்டத்தில் பலருக்கும் தெரிந்த வழக்கம். தனியார் கல்லூரி, அச்சகம், மருத்துவமனை, பட்டாசு ஆலை என்று இடம் மாறினாலும் சொல்லப்படும் நியாயம் மாறுவதில்லை. "வேலை கற்றுக்கொடுத்தது நிறுவனம், அட்வான்ஸ் கொடுத்தது நிறுவனம், கையெழுத்துப் போட்டவர் அவர், கணக்குத் தீரும்வரை சான்றிதழை வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு." முதலாளிகள் மட்டுமல்ல, சான்றிதழைக் கொடுத்தவரும் அவருடைய பெற்றோரும்கூட இதை நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு.

கடன் தீரும்வரை ஒருவர் பொருளை மற்றவர் பிடித்து வைக்கும் உரிமையை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவில் சிலருக்குத் தருகிறது. வங்கி, உயர்நீதிமன்ற வழக்கறிஞர் போன்றவர்கள் அந்தச் சிறிய பட்டியலில் இருக்கிறார்கள். வேலை கொடுப்பவர் இல்லை. வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தால் பிறருக்கும் அந்த உரிமை உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. "பாண்டில் கையெழுத்து இருக்கிறதே" என்ற வாதம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பிடித்து வைக்கப்படுவது முதலில் சரக்காக இருக்க வேண்டும். விற்றால் விலை போக வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில், கட்டணம் பாக்கி என்று கூட்டுறவு வங்கியின் வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தராத வழக்கறிஞரைப் பார்த்து உச்சநீதிமன்றம் இதைத்தான் சொன்னது: அந்தக் கட்டுகள் சரக்கு அல்ல, எனவே பிடித்து வைக்க முடியாது. பட்டியலிலேயே இடம் பெற்ற வழக்கறிஞர் தொழிலுக்கே இந்த நிலை. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதன் மீது 171-ஆம் பிரிவு உரிமை கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஒருவர் படித்து வாங்கிய மதிப்பெண் பட்டியலை வேறு யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. அதைப் பூட்டி வைப்பதால் முதலாளிக்கு ஒரு ரூபாயும் வசூலாகாது. ஆளை நகரவிடாமல் நிறுத்துவது ஒன்றுதான் அதன் பயன்.

அப்படியானால் முதலாளியின் பணம் போய்விடுமா? போகாது. ஒரு கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். வேதியியல் பட்டதாரி ஒருவர் மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் ஆலை ஒன்றில் சேருகிறார். ஒரு மாத முன்னறிவிப்பு என்பது நிபந்தனை. 40,000 ரூபாய் முன்பணம் வாங்கி, 15,000 கழிந்திருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் மாதத்தின் 12-ஆம் நாளோடு நின்றுவிடுகிறார். முன்பண பாக்கி 25,000, முன்னறிவிப்புக்கு ஈடாக 18,000, ஆக 43,000 ரூபாய். அதில் வேலை செய்த 12 நாள் சம்பளம் 7,200-ஐக் கழித்தால் அவர் தர வேண்டியது 35,800 ரூபாய். பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்திருந்தால் அதையும் ரசீதோடு கேட்கலாம். இதை எழுதிக் கேட்கலாம், தராவிட்டால் வழக்குப் போடலாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சான்றிதழைப் பிடித்து வைப்பவர்கள் அதை முழுதாகப் படிக்க வேண்டும். அங்கே செல்லுபடியானது ஒரு தொகை. பணத்தைக் கட்டியவர் வேறு வங்கியில் போய்ச் சேர்ந்துகொண்டார். விருப்பமில்லாத ஒருவரை வேலையில் நீடிக்கும்படி உத்தரவிட நம் நீதிமன்றங்களுக்கே வழியில்லை. நீதிமன்றம் செய்யாததை ஒரு பீரோச் சாவி செய்யலாம் என்பது எந்த நியாயம்?

பட்டாசுப் பகுதியில் இது இன்னும் கூர்மையாகிறது. ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் பூட்டி வைக்கச் சான்றிதழே கிடையாது. அவர்களைக் கட்டிப் போடுவது முன்பணம். முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமையின் அடையாளங்களில் ஒன்றாகவே சொல்கிறது. படித்தவரிடம் சான்றிதழும் படிக்காதவரிடம் கடனும் ஒரே வேலையைச் செய்கின்றன. முன்னதை மட்டும் 'கம்பெனி ரூல்' என்று மரியாதையாக அழைக்கிறோம்.

போர்மேனின் நிலை தனி. மருந்து கலப்பதும் செலுத்துவதும் அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வெடிவிபத்து நடந்தால் உரிமையாளர், மேலாளர் பெயர்களோடு போர்மேன் பெயரும் வழக்கில் சேர்வது இப்பகுதிச் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். அவர் விலகிய பிறகும் தகுதிச் சான்று பழைய ஆலையின் கோப்பிலேயே கிடந்தால், விலகிய தேதிக்கு எழுத்தில் ஆதாரமும் இல்லாவிட்டால், அவர் காலடி வைக்காத கலவை அறையில் நடந்த விபத்துக்கு 'நான் அப்போது அங்கே இல்லை' என்று அவரே நிரூபித்துத் திரிய நேரும். விலகல் கடிதம் என்பது இவருக்கு அடுத்த வேலைக்கான காகிதம் மட்டுமல்ல. சிறைக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் தேதி. அதைத் தர மறுப்பதைச் சின்னப் பிடிவாதமாகப் பார்க்கக் கூடாது.

விலகல் கடிதம் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சான்றிதழ் ஊழியரின் சொந்தப் பொருள். கடிதம் முதலாளி எழுதித் தர வேண்டியது. எல்லா ஊழியருக்கும் அதை உரிமையாக்கும் ஒரே சட்டம் கிடையாது. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகள் நிரந்தரத் தொழிலாளி வேலையிலிருந்து விடுபடும்போது பணிச் சான்று பெற உரிமை தந்தன. மேலாளர் நிலையில் இருந்தவர்கள் பணி ஒப்பந்தத்தைத்தான் நம்ப வேண்டும். ஆனால் கடிதம் வராவிட்டால் வேலை செய்ததே இல்லை என்று ஆகிவிடாது. ராஜினாமாவைப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பினால் அந்தத் தேதிக்கு அஞ்சல் துறையே சாட்சி. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வேலை செய்த மாதங்கள் பதிவாகியிருக்கும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, உறுப்பினரே வைப்பு நிதி இணையதளத்தில் Mark Exit வழியாக விலகிய தேதியைப் பதியலாம். முதலாளியின் கையெழுத்து தேவையில்லை.

சான்றிதழைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. எந்தெந்தச் சான்றிதழ், அதன் எண் என்ன, எந்த நாளில் கொடுத்தது என்று பட்டியலிட்டு எழுத்தில் கேட்பது முதல் படி. கொடுத்த நாளில் ஒப்புகைச் சீட்டு வாங்காதவருக்கும் இந்தக் கடிதம் உதவும். 'பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்' என்று பதில் வந்தால், சான்றிதழ் தம்மிடம் இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதன் பிறகு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 7, 8-ஆம் பிரிவுகளின் கீழ், பொருளையே திருப்பித் தரும்படி உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். தனியார் ஆலைக்கு எதிராக நேரே மதுரைக் கிளைக்கு ரிட் மனுவோடு போவது பெரும்பாலும் பலன் தராது. பொறியியல் கல்லூரி ஆசிரியருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாசல் இருக்கிறது: ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வைத்திருக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்குச் சொல்லியிருப்பதால், அங்கே புகார் செய்யலாம்.

அவசரத்தில் பலர் செய்யும் ஒரு காரியம் ஆபத்தானது. சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் மனு கொடுத்து நகல் வாங்கப் பார்க்கிறார்கள். அது பொய் வாக்குமூலம். அசலை வைத்திருக்கும் முதலாளி மறுநாளே அதைக் காட்டி ஊழியரைக் குற்றவாளியாக்கலாம். தமிழ்நாட்டுப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் எடுக்க முடியும். அதிலிருந்து கிடைக்கும் ஆவணத்தை அசலுக்கு நிகராகவே சட்டம் ஏற்கிறது. புதிய வேலைக்கு அதைக் காட்டிச் சேர்ந்துகொண்டு, அசலுக்கான வழக்கைத் தனியாக நடத்தலாம்.