மச்சம் எது? மாசு எது?



இந்த மலரின் பின்பக்கங்களில் இறுதியாண்டு மாணவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. மொத்தம் 164 படங்கள். புரட்டிப் பார்த்து, "நம்ம மூஞ்சி பரவாயில்லையே" என்று சிரித்துவிட்டுப் போவீர்கள். அந்தப் படங்கள் அச்சுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு நாங்கள் செய்த ஒரு தப்பையும், அதிலிருந்து எனக்கு உண்டான கருத்தையும் இங்கே எழுதுகிறேன்.

இரவல் கேமரா. வகுப்பறைச் சுவரில் வெள்ளைத் துணி. இரண்டு ஃப்ளாஷ் விளக்கு. வெளிச்சம் தாராளமாக இருந்ததால் லென்சின் துளையை எஃப்/11 என்று சுருக்கி வைத்து, காலையிலிருந்து மாலைவரை சுட்டுத் தள்ளினோம். ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எல்லாப் படத்திலும் வலது மேல்பக்கத்தில் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி! பக்கத்திலேயே இன்னொன்று. கொஞ்சம் கீழே மூன்றாவது.

"லென்சைத் துடைக்கலையாடா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதுதான் முதல் தவறான எண்ணம். லென்சின் முன்கண்ணாடியில் உள்ள தூசி, படம் விழும் தளத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அதனால் இப்படித் தனிப் புள்ளியாகத் தெரியாது. படத்துக்குப் படம் இடம் மாறாமல் நிற்கும் புள்ளி என்றால், தூசி கேமராவுக்குள்ளே, சென்சாரின் மேல் இருக்கும் வடிகண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் நகர்ந்து வந்ததால் தூசியும் அதோடு போய்விடும். சென்சார் நகராது. விழுந்த தூசி நாள் முழுக்க அங்கேயே குடித்தனம் பண்ணும்.

நம் ஊரில் தூசிக்கா பஞ்சம்? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் வீடுகளின் ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும் என்று அம்மா சொல்வார். அங்கே நிலக்கரியைக் கையாளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. அந்தச் சரக்கு எண்ணூர் பக்கம் போனது. எண்ணூரிலோ அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இருக்கிறது. திருவொற்றியூர் சாலையில் கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி வேறு. போதாக்குறைக்கு உப்புக் காற்றின் ஈரம். ஈரத்தோடு விழுந்த தூசி, ரப்பர் பல்பை அமுக்கி ஊதினால் போகாது. ஒட்டிக்கொள்ளும்.

சரி, தூசி அவ்வளவு பெரிதா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தூசி சென்சார் தளத்திலிருந்து சுமார் 1 மில்லிமீட்டர் மேலே நிற்கிறது என்று வையுங்கள். அதன் நிழல் எவ்வளவு பரவும் என்பது, அந்த இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால் வரும். எஃப்/4 என்றால் 1/4, அதாவது 0.25 மி.மீ. எஃப்/11 என்றால் 0.09 மி.மீ. தூசியின் குறுக்களவு 0.04 மி.மீ. என்று கொண்டால், எஃப்/4-இல் நிழலின் நடுவில் குறையும் ஒளி (0.04/0.25)-இன் வர்க்கம், அதாவது 3 சதவிகிதம்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது. அதே தூசி எஃப்/11-இல் 19 சதவிகித ஒளியை மறைக்கிறது. வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரியத்தான் செய்யும். "போன மாசம் கல்ச்சுரல்ஸ்ல இதே கேமராவுல எடுத்தோமே, ஒண்ணுமே இல்லையே" என்று நண்பன் கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றைக்கு இருட்டு மேடை. துளையை அகலத் திறந்து எடுத்தான். தூசி அன்றும் இருந்திருக்கலாம். நிழல் கரைந்து போயிருக்கும்.

இனி எங்கள் தப்புக்கு வருகிறேன். ஒரு படத்தில் மூன்று புள்ளிகளையும் ஒட்டுக் கருவியால் அழித்தோம். பக்கத்தில் உள்ள நல்ல இடத்தை எடுத்துப் புள்ளியின் மேல் ஒட்டி, ஓரத்தைக் கலந்துவிடும் கருவி அது. பிறகு அந்தத் திருத்தத்தை மீதி 163 படங்களுக்கும் ஒரே சொடுக்கில் நகல் எடுத்துவிட்டோம். "முடிஞ்சுதுடா மச்சி!" என்று டீ குடிக்கப் போனோம்.

மறுநாள் காலை என் வகுப்புத் தோழன் ஒருவன் வந்தான். "இன்னாடா இது? என் மச்சத்த காணோம்?" என்றான். சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "டி.சி.யில அங்க அடையாளம்னு போட்டுருக்காங்க, வலது கன்னத்துல மச்சம்னு. இந்த போட்டோவத்தான வேலைக்கு அப்ளிகேஷன்ல ஒட்டப் போறேன்?"

எங்களுக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் இரண்டு புள்ளிகள் எல்லோருக்கும் துணிமேல்தான் விழுந்திருந்தன. அங்கே ஒட்டு வேலை சுத்தமாக இருந்தது. மூன்றாவது, ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் விழுந்திருந்தது. நாங்கள் திருத்திய படத்தில் இருந்தவன் ஒல்லி. அவனுக்கு அது துணி. 21 பேருக்கு அது கன்னம் அல்லது நெற்றி. தூசியின் இடம் மாறவில்லை, முகத்தின் இடம் மாறியிருக்கிறது! ஒட்டுவதற்குத் துண்டு எடுத்த இடமும் நகலோடு போனதால், ஒரு தோழியின் கன்னத்தில் அவள் கூந்தலின் கீற்று ஒட்டியிருந்தது. இன்னொருத்திக்குப் பாதித் தோடு இல்லை. நண்பனுக்கு மச்சமே போய்விட்டது.

இன்னொரு கூத்தும் தெரிந்தது. மூன்றாவது புள்ளி 97-ஆம் படத்திலிருந்துதான் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லென்சைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டிப் பார்த்துவிட்டு, பழையதையே திரும்பப் போட்டோம். அந்த நிமிஷத்தில் உள்ளே போன தூசி அது. வரிசையைப் படம் எண்படி அடுக்கி, நடுப்படத்தைப் பார்த்து, இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி என்று பாதி பாதியாகத் தேடினால் எட்டுப் பார்வைக்குள் தொடக்கம் பிடிபடும். ஆக, முதல் 96 படங்களில் இல்லாத புள்ளியை அழித்திருக்கிறோம். யோசித்துப் பாருங்கள், நண்பனின் படம் எண் 58. அவன் முகத்தில் தூசியே விழவில்லை. மச்சத்தை மட்டும் துடைத்திருக்கிறோம்!

அப்புறம் என்ன செய்தோம்? நல்லவேளை, மூலக் கோப்புகளை ரா வடிவத்தில் வைத்திருந்தோம். கேமராவையும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, சுத்தமும் செய்யவில்லை. அதே லென்சை, அதே எஃப்/11-இல் வைத்து, ஜூமையும் அசைக்காமல், ஒரே சீராக வெளிச்சம் விழும் வெள்ளைக் காகிதத்தைக் கவனம் கலைத்து மங்கலாக எட்டுப் படம் எடுத்தோம். காகிதத்தின் சொரசொரப்பு மங்கிப்போகும், தூசி நிழல் மட்டும் நிற்கும். அதுதான் தூசியின் வரைபடம். வானியல்காரர்கள் நட்சத்திரப் படங்களுக்கு நெடுநாளாகச் செய்யும் வழி இது.

இதன் தத்துவம் எளிது. நிழல் ஒளியைக் குறைக்கிறதே தவிர, முழுக்க அழிப்பதில்லை. கீழே உண்மையான தோல் இன்னும் இருக்கிறது. வெள்ளைக் காகிதப் படத்தில் சுற்றுப்புறம் 3000, புள்ளியில் 2430 என்றால் விகிதம் 0.81. முகத்தில் அதே இடத்தில் 810 இருந்தால், 0.81-ஆல் வகுக்க 1000 கிடைக்கிறது. அதுதான் அந்தக் கன்னத்தின் சொந்த நிறம். மச்சமோ காகிதப் படத்தில் கிடையாது. அங்கே விகிதம் 1. ஆகவே வகுத்தாலும் மச்சம் அப்படியே நிற்கும். மச்சத்தின்மேலேயே தூசி விழுந்திருந்தாலும் நிழல் விலகி மச்சம் வெளிவரும். ஒட்டுக் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

காசில்லாமல் கிடைக்கும் `RawTherapee` நிரலில் `Raw` பகுதியில் `Flat-Field` என்று இருக்கிறது. காகிதப் படத்தை அதில் கொடுத்து, `Blur Radius` என்பதை 0 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் காகிதப் படத்தையே அது மழுப்பிவிடும், தூசியின் தடம் போய்விடும். 97 முதல் 164 வரை இதைச் செய்தோம். முதல் 96 படங்களின் மூலத்தைத் திரும்ப எடுத்து, துணிமேல் இருந்த இரண்டு புள்ளிகளுக்கு மட்டும் ஒட்டு போட்டோம்.

இதற்கும் எல்லை உண்டு. கேமராவைப் போட்டு அணைக்கும்போது சென்சார் தானே உதறிக்கொள்ளும் வகையாக இருந்தால், தூசி இடம் மாறியிருக்கலாம். அப்போது வகுத்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் பழைய கறுப்புப் புள்ளி என்று ஜோடியாகத் தெரியும். அதுவே அடையாளம். ஒளியை முக்கால்வாசி மறைத்த பெரிய தூசியென்றால், வகுத்தபின் அந்த இடம் மணல்மணலாக இருக்கும். ரா கோப்பு இல்லாமல் ஜேபெக் மட்டும் இருந்தாலும் கணக்கு சரியாக வராது. அங்கெல்லாம் கையால், ஒருவர் ஒருவராகத்தான் திருத்த வேண்டும்.

என் கருத்து இதுதான். பின்சுவரில் உள்ள தூசியை எத்தனை படத்துக்கு வேண்டுமானாலும் ஒரே சொடுக்கில் நகல் எடுத்து அழியுங்கள், ஆட்சேபம் இல்லை. புள்ளி முகத்தில் விழுகிறதென்றால் அந்த நகல் அங்கே நிற்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் அந்த முகத்துக்கு உரியவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் திருத்துங்கள். "21 படத்துக்கு யாரு உக்காந்து பாக்கறது?" என்று அலுத்துக்கொள்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களுக்கு அது ஒன்றேகால் மணி நேர வேலை. டீ குடிக்கப் போன நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய சமம்.

அடுத்த ஆண்டு மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆளை உட்கார வைப்பதற்கு முன்பும், லென்சைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும், கடைசி ஆள் எழுந்த பிறகும், ஒரு வெள்ளைக் காகிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லென்சைக் கழற்றினால் கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள்; ஜன்னலைச் சாத்துங்கள்.

நண்பனின் படம் பின்பக்கம் மூன்றாவது வரிசையில் இருக்கிறது. வலது கன்னத்தைப் பாருங்கள். மச்சம் பத்திரமாக இருக்கிறது.