வரவுப்பாட்டு வேண்டாம், கதிரை போதும்

கம்பஸில் ரெண்டாம் வருஷம் படிக்கக்குள்ள ஒரு ஆய்வரங்குக்குப் போயிருந்தேன். காலையில் மூன்று செஷன். அதில் ஒன்று மட்டக்களப்பு வாவி பற்றியது. கட்டுரை வாசித்தவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நேரம் முடிந்துவிட்டது, மீதியைச் சாப்பாட்டு மேசையில் கதைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமை தாங்கியவர் சொல்லிவிட்டார்.

சோறும் இறால் கறியும் போட்டுக்கொண்டு திரும்பினேன். எட்டுக் கதிரை போட்ட வட்ட மேசையில் அவரும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். மூன்று கதிரை வெறுமையாக இருந்தது. நான் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் பீங்கானோடு நின்றேன். யாராவது பேச்சை நிறுத்தினால் "வணக்கம், நான் இன்னார், இந்தப் பீடம், இந்த வருஷம், உங்கட கட்டுரையில…" என்று தொடங்கலாம் என நினைத்து, அதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். யாரும் நிறுத்தவில்லை. ஒரு நிமிஷம் போனதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. சன்னல் ஓரம் போய் எங்கட பெட்டைகளோடு இருந்து சாப்பிட்டுவிட்டு, கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதைக் கூச்சம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதுக்குப் பிறகு நாலைந்து அரங்குகளில் இந்த மேசைகளைக் கவனித்துப் பார்த்ததில், நான் செய்த பிழை வேறு என்று விளங்கியது. நான் கூத்துக்காரர் மாதிரி வரவுக்காகக் காத்து நின்றிருக்கிறேன்.

நம்முடைய வட்டக்களரியில் யாரும் சும்மா நுழைவதில்லை. அண்ணாவியார் மத்தளத்தை எடுத்து, சல்லாரி போட்டு, வாறது ஆர் என்று வரவு பாடின பிறகுதான் ஆட்டக்காரர் ஆட்டத்துக்குள் சேர்வார். அது கூத்துக்குச் சரி. சாப்பாட்டு மேசையில் அந்த வேலை செய்ய அண்ணாவியார் இல்லை. நாமே நமக்கு வரவு பாடப் போனால் ஐந்து பேர் கதைத்துக்கொண்டிருந்த விஷயத்தை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்க வேண்டி வரும். 'குறுக்க வந்திட்டன்' என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. உண்மையிலேயே குறுக்கேதான் வந்திருக்கிறோம்.

மேசையில் சேர்வதற்கு ரெண்டு படி இருக்கிறது. முதல் படி இடத்தில் சேர்வது. ரெண்டாம் படி பேச்சில் சேர்வது. ரெண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

முதல் படியை எடுப்போம். ஆட்கள் கூடி நின்று கதைக்கும் முறையை ஆராய்ந்தவர்களில் ஆடம் கெண்டன் முக்கியமானவர். கதைப்பவர்கள் தங்களுக்கு நடுவே ஒரு பொது இடத்தை உண்டாக்கி, எல்லாரும் அதைப் பார்த்தபடி நிற்கிறார்கள் என்றும், புதிதாக ஒருவர் வந்தால் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து வட்டத்தை மாற்றிக்கொள்ளும்போதுதான் அவர் சேர்கிறார் என்றும் அவர் விளக்கினார். நின்று கதைக்கும் கூட்டத்தில் இந்த நகர்வு கட்டாயம் தேவை. மேசையில் அந்தச் சிரமம் பாதி குறைவு, ஏனென்றால் வெறும் கதிரைதான் வட்டத்தில் ஏற்கெனவே விட்டுவைத்த இடம். அதில் இருந்தவுடனேயே நீங்கள் உள்ளே. முதுகுக்குப் பின்னால் நிற்கும் வரைக்கும் எவ்வளவு நல்ல கேள்வி வைத்திருந்தாலும் வெளியேதான்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "இதில ஆரும் இருக்காங்களா?" இதைப் பேசிக்கொண்டிருப்பவரிடம் கேட்காதீர்கள். வெறும் கதிரைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம், மெல்லிய குரலில் கேளுங்கள். அவர் தலையை ஆட்டினால் போதும், பேச்சு நிற்காது. பெயர், பீடம், வருஷம் எதுவும் இப்போது வேண்டாம். நம்மட ஊரில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எல்லாரும் கையால் சாப்பிடுகிறார்கள், கை குலுக்கும் கட்டாயமே இல்லை.

எந்தக் கதிரை என்பதும் முக்கியம். ரொபின் டன்பாரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆட்கள் தாமாகச் சேர்ந்து கதைக்கும் கூட்டம் பெரும்பாலும் நாலு பேருக்கு மேல் தாங்காது என்கிறது. அதுக்கு மேல் போனால் பேச்சு ரெண்டாகப் பிரியும், அல்லது ஒருவர் சும்மா இருப்பார். ஐந்து, ஆறு பேர் இருக்கும் மேசையைப் பாருங்கள். ஓரத்தில் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார், சிரிப்பு வந்தால் மட்டும் நிமிர்வார். அவருக்குப் பக்கத்தில் போய் இருங்கள். உங்களுக்கு இடம் கிடைக்கும், அவருக்கும் ஒரு துணை கிடைக்கும். பிரபலமான பேராசிரியருக்குப் பக்கத்துக் கதிரைதான் வேண்டும் என்று நிற்பதை விட இது லேசு.

இனி ரெண்டாம் படி. இருந்த உடனே கதைக்கத் தேவையில்லை. பெரியாக்கள் கதைக்கக்குள்ள குறுக்க கதைக்கப்படாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பல இடத்தில் அந்த வளர்ப்பு நம்மைக் கட்டிப்போடுகிறது, ஆனால் இங்கே முதல் மூன்று நாலு நிமிஷத்துக்கு அது உதவும். சாப்பிட்டுக்கொண்டே பேசுபவரைப் பார்த்துக் கேளுங்கள். கேட்பவரும் அந்தப் பேச்சில் ஒரு ஆள்தான். கொஞ்ச நேரத்தில் பேசுபவர் மற்றவர்களைப் பார்ப்பது போல உங்களையும் ஒரு தரம் பார்ப்பார். அதுதான் அடையாளம். அவர் கணக்கில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு நடந்துகொண்டிருக்கும் விஷயத்துக்கு உள்ளேயிருந்து ஒரு வசனம் சொல்லுங்கள். போன வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதே மாதிரி ஒரு மேசை, இந்தத் தடவை ஆறு பேர். நான் ஓரத்தில் இருந்த ஒரு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். முகத்துவாரம் வெட்டுவது பற்றிக் கதை போய்க்கொண்டிருந்தது. மழை குறைந்த மாதங்களில் வாவியின் வாயை மணல் மூடிவிடும். மாரியில் வாவி நிரம்பும்போது அதை வெட்டித் திறந்தால்தான் வெள்ளம் கடலுக்கு இறங்கும். வயல்காரருக்குக் கெதியாக வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் தண்ணியோடு கடலுக்குப் போயிரும் என்று தோணிக்காரருக்குக் கவலை. ஒரு சேர், "எப்ப வெட்டுறது எண்டு தீர்மானிக்கிறதுதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு இறால் தோலை எடுக்கத் தொடங்கினார். அந்த இடைவெளியில் கேட்டேன்:

"சேர், எங்கட பக்கம் படுவான்கரை. வயலுக்குள்ள தண்ணி நிக்கத் தொடங்கின பிறகுதான் வெட்டச் சொல்லிக் கேக்கிறவங்க. அதுக்கு முதல் கேக்க வழி இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "படுவான்கரையில எவ்விடம் மகள்?" என்றார். ஊரைச் சொன்னேன். பெயரை அதுக்குப் பிறகுதான் கேட்டார்கள். பீடம், வருஷம் எல்லாம் தயிர் சாப்பிடும்போது வந்தது. நான் முதல் தடவை வாசலிலேயே சொல்ல நினைத்த வரவு முழுவதையும், இந்தத் தடவை அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

அந்த வசனம் வேலை செய்ததுக்குக் காரணம் இருக்கிறது. அது கடைசியாகச் சொல்லப்பட்ட விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்தது. பதில் சொல்ல அவருக்கு இடம் வைத்தது. "உங்கட பிரசன்டேஷன் நல்லா இருந்திச்சு சேர்" என்று சொல்லியிருந்தால் "தாங்ஸ்" என்பதோடு முடிந்திருக்கும், மேசையும் ஒரு கணம் அமைதியாகியிருக்கும்.

எல்லா மேசையும் திறந்த மேசை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ரெண்டு பேர் நேருக்கு நேர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நடுவில் ஒரு தாளையோ போனையோ வைத்துக் கதைத்தால் அது அவர்களுடைய வேலை. வெறும் கதிரையில் பை இருந்து, நீங்கள் கேட்டும் அதை எடுக்க யோசித்தால் வேறு மேசை பாருங்கள். இருந்த பிறகும் நீங்கள் ரெண்டு தரம் வாய் திறந்து, ரெண்டு தரமும் யாரும் உங்கள் பக்கம் பார்க்காமல் பழைய கதைக்கே போனால் "தயிர் எடுத்திட்டு வாறன்" என்று எழும்பிவிடலாம். ஒருவரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கை கழுவும் இடத்திலும் தயிரும் பாணியும் வைத்திருக்கும் மேசையிலும் எல்லாரும் தனித்தனியாக நிற்பார்கள். அங்கே சேர வேண்டிய வட்டமே இல்லை. மேசையில் தவறவிட்ட கேள்வியை அங்கே கேட்கலாம்.

இவ்வளவும் வந்து சேர்பவரின் பக்கம். எனக்கு உண்மையில் கோபம் இருப்பது மற்றப் பக்கத்தில்தான்.

ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆராவது படலையடிக்கு வந்தால், "வாங்க, சாப்பிடுவம்" என்று கூப்பிடாமல் இருக்க நம்மட ஆட்களுக்கு ஏலாது. கறி ரெண்டே ரெண்டு துண்டு இருந்தாலும் கூப்பிடுவார்கள். அதே ஆட்கள் ஆய்வரங்கு மேசையில் இருந்தால், பீங்கானோடு நிற்கும் பிள்ளையைக் கண்டும் காணாத மாதிரி கதைக்கிறார்கள். அங்கே யார் வீட்டுக்காரர் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் விருந்தாளி என்று நினைத்தால் கூப்பிட ஆள் இல்லை. என் நிலைப்பாடு இதுதான்: முதலில் இருந்தவர்தான் வீட்டுக்காரர். பேராசிரியராக இருந்தாலும் சரி, பத்து நிமிஷத்துக்கு முன் பயந்து பயந்து வந்து இருந்த மாணவியாக இருந்தாலும் சரி.

எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருள்காரர் மாநாடுகளுக்கென்று ஒரு பழக்கத்தைச் சொன்னார். வட்டமாக நின்று கதைக்கும்போது எப்போதும் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு நில்லுங்கள் என்பார். வாயைத் திறந்த பேக்-மேன் உருவம் மாதிரி இருப்பதால் அதன் பெயரையே வைத்தார். ஒருவர் வந்து அந்த இடத்தை நிரப்பினால் மறுபடியும் நகர்ந்து இன்னொரு இடம் விட வேண்டும். மேசையில் இதுக்கு ஒப்பானது கதிரையிலிருந்து பையை எடுத்துக் கீழே வைப்பது. அதோடு ஒரு வசனம்: "இரிங்க, நாங்க முகத்துவாரம் வெட்டுறதப் பத்திக் கதைக்கம்." வந்தவர் நாலு நிமிஷம் கேட்டுப் பிடிக்க வேண்டியதை இந்த ஒரு வசனம் கொடுத்துவிடும்.

தமிழ் விளங்காத ஒருவர் வந்து இருந்தால் அந்த வசனத்தை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள். நாலு சேர்மார் இருக்கும் மேசைக்கு ஒரு பெட்டை தனியாக வந்தால், அங்கே இருக்கும் பெண் ஒருவர் முதலில் நிமிர்ந்து பார்த்தால் பெரிய உதவி. என்னைப் பார்த்து முதலில் கதிரையை இழுத்துத் தந்தது அந்த ஓரத்து அக்காதான். அவருடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த அரங்கில் நான் எங்கே இருந்தாலும் பக்கத்துக் கதிரையில் என் பை இருக்காது.