‘மெசேஜ் போட்டேன், பாக்கவே இல்ல!’: முன்பின் தெரியாதவரின் முதல் செய்தி எங்கே போகிறது?

“இன்ஸ்டாவுல மெசேஜ் போட்டேன், பதிலே இல்ல. திமிரு புடிச்ச ஆளு போல” என்று பலரும் சலித்துக்கொள்வது உண்டு. பெரும்பாலும் அது திமிராக இருக்காது. அந்தச் செய்தியை எதிராளி பார்த்திருக்கவே மாட்டார். அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பும் முதல் செய்தி, வழக்கமான இன்பாக்ஸுக்குப் போகாமல் தனிப் பெட்டி ஒன்றில் ஒதுக்கப்படுகிறது. அங்கே அது நாள்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூடத் திறக்கப்படாமல் கிடக்கலாம்.

இந்த ஒதுக்கல் எப்படி நடக்கிறது? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? உண்மையிலேயே அவசரமான ஒரு தகவலைச் சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வது?

எப்போது தொடங்கியது?

2010 நவம்பரில் ஃபேஸ்புக் தன் மெசேஜ் வசதியை மாற்றியமைத்தது. நண்பர்களின் செய்திகள் இன்பாக்ஸுக்கு வந்தன. மற்றவர்களுடையவை ‘Other’ என்ற பெட்டிக்குப் போயின. இந்தப் பெட்டிக்குச் செய்தி வந்தால் அறிவிப்பு வராது. கம்ப்யூட்டரில் ஃபேஸ்புக்கைத் திறந்து தேடினால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். செல்போன் செயலியில் அது இல்லை. எனவே, இப்படி ஒரு பெட்டி இருப்பது தெரியாமலேயே கோடிக்கணக்கானோர் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்திவந்தார்கள்.

அதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2014-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த சம்பவம் காட்டியது. சாலை விபத்தில் இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய தாயைத் தொடர்புகொள்ள முயன்ற போலீஸ், ஃபேஸ்புக் வழியாகவும் ஒரு செய்தி அனுப்பியது. போலீஸ்காரர் அந்தத் தாய்க்கு ஃபேஸ்புக் நண்பர் இல்லையே! செய்தி ‘Other’ பெட்டிக்குள் போய்விட்டது. மகனைக் காணவில்லை என்று அந்தத் தாய் ஏறத்தாழ மூன்று வாரம் தேடி அலைந்தார். அதற்குப் பிறகே அந்தச் செய்தி அவர் கண்ணில் பட்டது.

2015 அக்டோபரில் ஃபேஸ்புக் ‘Other’ பெட்டியைக் கைவிட்டு, ‘மெசேஜ் ரிக்வஸ்ட்’ முறையைக் கொண்டுவந்தது. பெட்டி செல்போனிலும் தெரியத் தொடங்கியது. ஆனால், பெட்டிக்குள் இன்னொரு பெட்டி முளைத்தது. ஸ்பேம் என்று கணிக்கப்படும் செய்திகள் அங்கே தனியாகப் போகின்றன.

உள்ளடக்கமா, உறவா?

பலரும் நினைப்பது, செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் செயலி தரம் பிரிக்கிறது என்று. முதல் சல்லடை அது இல்லை. ‘இந்த இரண்டு கணக்குகளுக்கும் ஏற்கெனவே தொடர்பு இருக்கிறதா?’ என்பதே முதல் கேள்வி. இன்ஸ்டாகிராமில் பெறுபவர் உங்களைப் பின்தொடர்கிறாரா? ஃபேஸ்புக்கில் நீங்கள் நண்பரா, நண்பரின் நண்பரா, அவருடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? இவற்றுக்கான பதில்களும், பெறுபவர் செட்டிங்ஸில் வைத்திருக்கும் தேர்வும் சேர்ந்துதான், செய்தி நேராகப் போகிறதா, ரிக்வஸ்ட் பெட்டிக்குப் போகிறதா, அல்லது போகவே போகாதா என்பதை முடிவு செய்கின்றன.

அதற்குப் பிறகுதான் எழுத்து பார்க்கப்படுகிறது. இன்ஸ்டாகிராம் 2021-ல் கொண்டுவந்த ‘Hidden Words’ வசதி, கெட்ட வார்த்தைகளோ, பெறுபவர் தானே பட்டியலிட்ட வார்த்தைகளோ இருக்கும் ரிக்வஸ்ட்களை இன்னும் ஆழமான ‘Hidden requests’ பெட்டிக்குத் தள்ளிவிடும். அங்கே போனது கிட்டத்தட்ட கிணற்றில் போட்ட கல்தான்.

இப்படிக் கெடுபிடி செய்யக் காரணம் இருக்கிறது. பெண்களுக்கு, குறிப்பாகப் பொதுவெளியில் இயங்கும் பெண்களுக்கு, முகம் தெரியாதவர்கள் ஆபாசப் படங்களை அனுப்புவது பெரும் தொல்லையாக இருந்தது. அதனால் 2023 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் விதியை இறுக்கியது. உங்களைப் பின்தொடராத ஒருவருக்கு நீங்கள் ஒரே ஒரு செய்திதான் அனுப்பலாம். அதுவும் வெறும் எழுத்துதான். போட்டோ, வீடியோ, குரல் பதிவு எதுவும் முடியாது. கால் செய்யவும் முடியாது. அவர் ‘Accept’ செய்த பிறகே மற்றதெல்லாம். 2024 தொடக்கத்தில், சிறுவர் சிறுமியரின் கணக்குகளுக்கு இன்னொரு பூட்டு வந்தது. அவர்கள் பின்தொடராத, தொடர்பில் இல்லாத யாரும் அவர்களுக்குச் செய்தி அனுப்பவே முடியாதபடி இயல்புநிலை அமைப்பு மாற்றப்பட்டது.

ஒரு ‘ஹாய்’ செய்யும் சேதம்

இந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு ஒரு ஃபைல் கிடைக்கிறது. உள்ளே பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல். போன் நம்பர் இல்லை. பெயரை வைத்து இன்ஸ்டாகிராமில் தேடுகிறார். போட்டோவை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். உடனே நம்மில் பலரும் செய்வதைத்தான் அவரும் செய்கிறார்: “ஹாய்” என்று போடுகிறார்.

அதோடு அவருடைய வாய்ப்பு முடிந்துவிட்டது. இரண்டாவது செய்தி போகாது. சான்றிதழின் படத்தையும் அனுப்ப முடியாது. மறுமுனையில் இருக்கும் பெண்ணுக்கு ரிக்வஸ்ட் பெட்டியில், தெரியாத ஆண் ஒருவரின் பெயரும் “ஹாய்” என்ற சொல்லும் மட்டுமே தெரியும். தினமும் இப்படிப் பத்து ‘ஹாய்’ வரும் பெண் அதைத் திறப்பாரா? நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கவுன்சலிங் தேதி நெருங்க நெருங்க, அவர் ஃபைலைத் தேடிப் பேருந்து பேருந்தாக விசாரித்துக்கொண்டிருப்பார்.

அதே ஒரு செய்தியை இப்படி எழுதியிருந்தால்? “உங்க பிளஸ் டூ சான்றிதழ் ஃபைல் மாட்டுத்தாவணியில கிடைச்சுது. நிலையத்துல இருக்குற போலீஸ் அவுட்போஸ்ட்ல குடுத்திருக்கேன். அங்க போய் வாங்கிக்கலாம்.” பட்டியலில் முதலில் தெரிவது செய்தியின் தொடக்கம் மட்டும்தான். எனவே ‘வணக்கம், நலமா, ஒரு விஷயம்’ என்று தொடங்காமல், விஷயமே முதல் சொற்களில் இருக்க வேண்டும். ‘என்னை நம்புங்க, எனக்கு கால் பண்ணுங்க’ என்று கேட்காமல், அவர் பயமில்லாமல் போய் வாங்கிக்கொள்ளும் இடத்தையும் சொல்வது கூடுதல் பலம். லிங்க் எதையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. தெரியாதவர் அனுப்பும் லிங்க்கைச் செயலியும் சந்தேகிக்கும், படிப்பவரும் சந்தேகிப்பார்.

அனுப்பியவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ரிக்வஸ்ட் ஏற்கப்படும்வரை ‘Seen’ காட்டாது. அவர் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாரா, செய்தி இன்னும் ஆழமான பெட்டிக்குப் போய்விட்டதா? மூன்றும் அனுப்பியவர் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே, ஒரு நாள் பொறுத்தும் பதில் இல்லையென்றால் ‘போய்ச் சேரவில்லை’ என்றே எடுத்துக்கொண்டு வேறு வழி தேடுவதுதான் சரி. இந்த உதாரணத்தில் அந்த வழி கையிலேயே இருக்கிறது: மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் பெயர் அச்சாகியிருக்கும். பள்ளிக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது.

லிங்க்ட்இன்: எண்ணிக்கையே பூட்டு

வேலை தேடுபவர்கள் அதிகம் புழங்கும் லிங்க்ட்இன்னில் கதவு வேறு மாதிரி. அங்கே தொடர்பில் இல்லாதவருக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவது பொதுவாக முடியாது. முதலில் இணைப்பு அழைப்பு அனுப்ப வேண்டும். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அதற்கு வரம்பு உண்டு. வரம்பைத் தொட்டால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அழைப்போடு சிறு குறிப்பு எழுதி அனுப்பலாம். ஆனால், இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மாதத்துக்கு ஒரு சில அழைப்புகளில் மட்டுமே அந்த வசதி.

இதைத் தெரியாமல், படிப்பு முடித்த கையோடு ஒரே நாளில் கண்ணில் பட்ட ஹெச்.ஆர். எல்லோருக்கும் அழைப்பு அனுப்பும் பட்டதாரிக்கு என்ன ஆகும்? குறிப்பு எழுதும் வாய்ப்பு முதல் சில பேரோடு தீர்ந்துவிடும். மிச்சம் உள்ளவர்களுக்குப் போவது வெற்று அழைப்பு. அவர்களில் பலர் நிராகரித்து, ‘இவரை எனக்குத் தெரியாது’ என்றும் குறித்துவிட்டால், அழைப்பு அனுப்பும் உரிமையே கட்டுப்படுத்தப்படலாம். அவசரப்பட்டு அழைப்பைத் திரும்பப் பெற்றாலும், அதே நபருக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம்வரை காத்திருக்க வேண்டும். உண்மையிலேயே முக்கியமான நான்கைந்து பேருக்கு மட்டும் குறிப்பைச் சேமித்து வைப்பதே இங்கே கணக்கு.

பணம் கட்டினால் ‘இன்மெயில்’ என்ற பெயரில் நேரடியாக அனுப்பலாம். பெறுபவர் 90 நாளுக்குள் பதில் சொன்னால், செலவான கிரெடிட் திரும்பக் கிடைக்கும். கண்டபடி அனுப்புபவருக்கு நஷ்டம், யோசித்து அனுப்புபவருக்கு லாபம் என்பது இதன் தர்க்கம். ஃபேஸ்புக்கும் 2012 டிசம்பரில், ஒரு டாலர் கட்டினால் அந்நியரின் இன்பாக்ஸுக்கே செய்தி போகும் என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தது. அடுத்த மாதமே, மார்க் ஸக்கர்பெர்க்குக்குச் செய்தி அனுப்ப 100 டாலர் கேட்டதும் செய்தியானது. பணம் தொல்லையை ஓரளவு குறைக்கும், உண்மைதான். ஆனால் ஜார்ஜியா தாய்க்கு வந்த செய்தியைப் போன்றவற்றை அனுப்புபவர் விற்பனையாளர் இல்லை. ‘காசு கட்டு’ என்று திரையில் வந்தால் அவர் மூடிவிட்டுப் போய்விடவும் கூடும்.

பெறுபவர் செய்யக்கூடியது

இன்ஸ்டாகிராமில் மெசேஜ் பக்கத்தின் மேலே இருக்கும் ‘Requests’-ஐத் தொட்டால் பெட்டி திறக்கும். ‘Hidden requests’ அதற்குள்ளேயே இருக்கிறது. மெசஞ்சரில் ‘Message requests’-க்குள் ‘You may know’, ‘Spam’ என்று இரண்டு பிரிவுகள். இரண்டையும் பார்க்க வேண்டும்.

ரிக்வஸ்ட்டைத் திறந்து படித்தாலே அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ‘Accept’ செய்யாதவரை அவருக்குத் தெரியாது. பதில் அனுப்பினால் மட்டும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதன் பிறகு அவர் படம் அனுப்பலாம், கால் செய்யலாம். சந்தேகம் இருந்தால் பதில் போடாமல், செய்தியில் உள்ள தகவலை மட்டும் வேறு வழியில் சரிபார்க்கலாம். ‘போலீஸ் அவுட்போஸ்ட்டில் இருக்கிறது’ என்றால் அங்கே நேரில் விசாரித்தால் போதும்.

தொலைந்த பொருள், வேலைக்கான விண்ணப்பம், ஊரில் இல்லாத உறவினர் என்று எதையாவது எதிர்பார்த்திருக்கும் நாட்களில் இந்தப் பெட்டிகளைத் தினமும் பார்ப்பது நல்லது. மற்ற நேரங்களில் வாரம் ஒருமுறை போதும். பத்தில் ஒன்பது குப்பையாகத்தான் இருக்கும். பத்தாவது எது என்று செயலிக்குத் தெரியாது, திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.